மெத்தில் பென்சோயேட் சரியா வந்தும் 10க்கு 4 ஏன்

ரெண்டாம் வருஷ கெமிஸ்ட்ரி பசங்களுக்கு இன்டர்னல் பேப்பர் திருப்பிக் கொடுத்த அன்னைக்கு ராத்திரி பத்தே முக்காலுக்கு ஒரு மெயில் வந்துச்சு. வகுப்புல கடைசிக்கு முந்தின பெஞ்சுல உக்கார்ற பையன், அதிகம் பேசமாட்டான், ஆனா லேப்ல கை சுத்தமா வேலை செய்வான். மெயில் சின்னதுதான்:

"வணக்கம் மேம். 14வது கேள்வில எனக்கு 10க்கு 4 போட்டிருக்கீங்க. ப்ராடக்ட் மெத்தில் பென்சோயேட்னு கரெக்டா எழுதியிருக்கேன், ஸ்ட்ரக்சரும் கரெக்ட், தண்ணி வெளிய போறதும் காட்டியிருக்கேன். என் பக்கத்துல உக்கார்றவன் ப்ராடக்ட் பேரே தப்பா எழுதி ஈக்வேஷன்ல தண்ணியையும் விட்டுட்டான், அவனுக்கு 8. விடை சரியா இருக்குற எனக்கு 4, தப்பா இருக்குறவனுக்கு 8னா அது எப்படி மேம்? மார்க் கேட்டு எழுதல, எங்க போச்சுன்னு தெரிஞ்சா போதும். நீங்க கிளாஸ்ல போட்டதைத்தான் எழுதினேன், நோட்டு போட்டோ வச்சிருக்கேன்."

கீழ ரெண்டு போட்டோ. ஒண்ணு விடைத்தாள், இன்னொன்னு அவனோட நோட்டு. அந்த ரெண்டாவது போட்டோவைப் பார்த்ததும் உடனே பதில் எழுதலாம்னு எடுத்த கையை நிறுத்திட்டேன், ஏன்னு பின்னாடி சொல்றேன்.

கேள்வி இதுதான்: பென்சாயிக் அமிலத்தையும் மெத்தனாலையும் கான்சென்ட்ரேட்டட் சல்ஃப்யூரிக் அமிலத்தோட ரிஃப்ளக்ஸ் பண்ணும்போது என்ன கிடைக்கும், மெக்கானிசம் எழுதுக. ஃபிஷர் எஸ்டரிஃபிகேஷன், எல்லா சிலபஸ்லயும் இருக்குறது. மொத்த வினை இது:

```
C6H5COOH + CH3OH ⇌ C6H5COOCH3 + H2O
```

என் ஆன்சர் கீல ப்ராடக்ட், ஈக்வேஷன், பேர் எல்லாம் சேர்த்து 2 மார்க், கண்டிஷனுக்கு 1, மிச்சம் 7ம் மெக்கானிசத்துக்கு. அந்த 7ல கார்பனைல் ஆக்சிஜன்ல ப்ரோட்டான் ஏறுறதுக்கு 1, மெத்தனால் வந்து தாக்குறதுக்கு 1, ப்ரோட்டான் இடம் மாறுறதுக்கு 2, தண்ணி கழண்டு போறதுக்கு 2, கடைசியா ப்ரோட்டான் இறங்கி கேட்டலிஸ்ட் திரும்பி வர்றதுக்கு 1. பையனுக்கு முதல் 3ம் முழுசா போட்டுட்டேன், மெக்கானிசத்துல மெத்தனால் தாக்குறதுக்கு மட்டும் 1. பக்கத்து பையனுக்கு மெக்கானிசம் 7ம் கண்டிஷன் 1ம், அதான் 8. கணக்கு கணக்காத்தான் இருக்கு, ஆனா அந்தக் கணக்கு ஏன் அப்படி போட்டிருக்குன்னு யாருமே அவனுக்கு சொல்லலைங்கறதுதான் மெயிலோட கேள்வி.

அவன் விடைத்தாள்ல என்ன இருந்துச்சுன்னு சொல்றேன். முதல் ஸ்ட்ரக்சர் பென்சாயிக் அமிலம், ரெண்டாவது கார்பனைல் ஆக்சிஜன்ல ப்ரோட்டான் ஏறினது, மூணாவது மெத்தனால் அந்தக் கார்பன்ல வந்து ஒட்டினது, அதாவது நாலு கையும் தனித்தனியா நிக்கிற டெட்ராஹெட்ரல் இன்டர்மீடியட். இதுவரைக்கும் ஸ்ட்ரக்சர் எல்லாம் சரி, மெத்தனால்ல இருந்து வந்த ஆக்சிஜன் மேல ப்ளஸ்கூட அழகா போட்டிருக்கான். அப்புறம் ஒரு நீள அம்பு, அம்புக்கு மேல `–H2O, –H⁺`, அம்போட அந்தப் பக்கம் மெத்தில் பென்சோயேட். முடிஞ்சது.

அந்த ஒரு அம்புக்குள்ள மூணு ஸ்ட்ரக்சர் காணாம போயிருக்கு, அதுலயும் மத்த எதை விட்டாலும் விடக்கூடாத ஸ்ட்ரக்சர் போயிருக்கு.

இதை மெயில்ல எழுதி புரியவைக்க முடியாதுன்னு பட்டுச்சு, அதனால மறுநாள் சாயங்காலம் நாலு மணிக்கு டிபார்ட்மென்ட்டுக்கு வரச் சொன்னேன். வந்தான். ஒரு வெள்ளைத்தாள்ல அவன் வரைஞ்ச மூணாவது ஸ்ட்ரக்சரை மட்டும் பெருசா வரைஞ்சு காட்டினேன், ப்ராடக்ட் கண்ணுல படக்கூடாதுன்னு விடைத்தாளை மூடி வச்சுட்டேன். எழுத்துல போட்டா அது இப்படி:

```
C6H5–C(OH)2–O⁺(H)CH3
```

"இதுவரைக்கும் நீ போட்டது சரிப்பா. இப்போ இந்தக் கார்பன்ல மூணு ஆக்சிஜன் இருக்கு. இந்தப் படம் இருக்குற நிலைமையில, வேற எதையும் தொடாம, எது சுலபமா கழண்டு போகும்?"

"தண்ணி மேம்."

"தண்ணி எங்க இருக்கு, காட்டு."

ரெண்டு OHல ஒண்ணைக் காட்டினான். "இது OHதானே, தண்ணி ஆகணும்னா இன்னொரு H வேணுமே, அது எங்க?" பேனா நுனி மெதுவா நகர்ந்து மெத்தனால் ஆக்சிஜன்ல இருந்த H கிட்ட போய் நின்னுச்சு. கொஞ்ச நேரம் ஒண்ணுமே பேசல. அப்புறம் சொன்னான், "ப்ளஸ் இங்க இருக்கு மேம். அப்போ இதுதான் போகும். மெத்தனால்தான் போகும்."

அதேதான். ப்ளஸ் யார் மேல இருக்கோ அந்த ஆக்சிஜன்தான் கார்பனோட இருக்குற பிணைப்பு எலக்ட்ரானை இழுத்துக்கிட்டு நிம்மதியா கழண்டு போக முடியும், ஏன்னா போன பிறகு அது சார்ஜ் இல்லாத சாதாரண மூலக்கூறு. அவன் வரைஞ்ச படத்துல ப்ளஸ் இருக்குறது OCH3 பக்கம், அதனால அந்தப் படத்துல இருந்து நேரா ஒரு அம்பு போட்டா வந்த வழியே திரும்பி பென்சாயிக் அமிலத்துக்குத்தான் போய்ச் சேரும், எஸ்டருக்கு வராது. எஸ்டர் வரணும்னா முதல்ல மெத்தனால் ஆக்சிஜன்ல இருக்குற ப்ரோட்டான் இறங்கணும், இன்னொரு ப்ரோட்டான் OHல ஏறணும், அப்போதான் OH தண்ணியா மாறி கிளம்பத் தயாராகும். அவன் விட்ட படிங்க இதுதான்:

```
C6H5–C(OH)2–OCH3            (ப்ரோட்டான் இறங்கினது)
C6H5–C(OH)(O⁺H2)–OCH3       (OH மேல ப்ரோட்டான் ஏறினது)
C6H5–C(=O⁺H)–OCH3           (தண்ணி போனது)
```

மூணாவதுல இருந்து H⁺ போனா மெத்தில் பென்சோயேட். எஸ்டரா, திரும்ப அமிலமான்னு முடிவாகுறதே அந்த ப்ரோட்டான் எந்த ஆக்சிஜன்ல உக்கார்ந்திருக்குங்கறதுலதான், நான் அந்த இடத்துக்கு 2 மார்க் வச்சது அதுக்குத்தான். வேகத்தை வச்சு பார்த்தா இந்த ப்ரோட்டான் மாத்தல் ரொம்ப வேகமா நடக்குற படி, சுத்தி இருக்குற மெத்தனால் மூலக்கூறு ஒண்ணு H⁺ஐ வாங்கும், இன்னொண்ணு கொடுக்கும், அவ்வளவுதான். வேகமா நடக்குதுங்கறதுக்காக எழுத வேண்டாம்னு பசங்க நினைக்கறாங்க, அந்த நினைப்பு எங்க இருந்து வருதுன்னும் எனக்கு அன்னைக்குப் புரிஞ்சுது.

அவன் அடுத்து கேட்டான், "மேம், அமிலத்துல இருந்து OH, ஆல்கஹால்ல இருந்து H, ரெண்டும் சேர்ந்து தண்ணின்னுதானே ப்ளஸ் டூல இருந்து படிக்கிறோம். அதை அப்படியே அம்பு மேல எழுதினா ஏன் தப்பு?" நல்ல கேள்வி. அது எது எங்க இருந்து குறையுதுன்னு காட்டுற வரவு செலவுக் கணக்கு, அந்த அளவுக்கு சரிதான். ஆனா அதை மெக்கானிசமா எடுத்துக்கிட்டா OH தனியா மைனஸோட கழண்டு போகுதுன்னு ஆகிடும். சல்ஃப்யூரிக் அமிலம் ஊத்தின குடுவைக்குள்ள OH⁻ சும்மா சுத்திக்கிட்டு இருக்க முடியாது. அமிலத்துல நடக்குற வினைல எங்கயாவது OH⁻னோ CH3O⁻னோ எழுதினீங்கன்னா அங்க ஒரு ப்ரோட்டான் படி விட்டுப்போச்சுன்னு அர்த்தம், நான் பேப்பர் திருத்தும்போது முதல்ல தேடுறதே அதைத்தான்.

இந்த இடத்துல லேப் ஞாபகம் வந்துச்சு. போன மாசம் இதே எஸ்டரை இந்தப் பசங்க செஞ்சாங்க. 10 கிராம் பென்சாயிக் அமிலம், 25 மில்லி மெத்தனால், ஐஸ்ல வச்சு மெதுவா 3 மில்லி சல்ஃப்யூரிக் அமிலம், 1 மணி நேரம் ரிஃப்ளக்ஸ். மோல்ல பார்த்தா அமிலம் 0.082, மெத்தனால் 0.62, அதாவது ஏழரை மடங்கு மெத்தனால். "எதுக்கு இவ்வளவு ஊத்தினோம்?"னு கேட்டேன். ஈக்விலிப்ரியம் மேம்னான். சரி, அந்த ஈக்விலிப்ரியம் எங்க உக்கார்ந்திருக்குன்னு பார்த்தா இதே டெட்ராஹெட்ரல் படத்துலதான், ஒரு பக்கம் மெத்தனாலைக் கழட்டி விட்டு அமிலமா திரும்பும், இன்னொரு பக்கம் தண்ணியைக் கழட்டி எஸ்டரா போகும். கழண்ட மெத்தனாலுக்கு பதிலா உடனே இன்னொரு மெத்தனால் வந்து தாக்கணும்னுதான் அவ்வளவு ஊத்துறோம்.

அப்படி ஊத்தியும் கொஞ்சம் அமிலம் மிச்சம் இருந்துச்சு, அது அவன் கண்ணால பார்த்ததுதான். செபரேட்டிங் ஃபனல்ல சோடியம் பைகார்பனேட் ஊத்தினதும் புஸ்ஸுனு நுரைச்சுது, மூடியைத் திறந்து திறந்து கேஸை விட வேண்டியிருந்துச்சு. நுரையை மட்டும் வச்சு மிச்சம் பென்சாயிக் அமிலம்னு சொல்லிட முடியாது, ஒட்டிக்கிட்டு இருக்குற சல்ஃப்யூரிக் அமிலமும் நுரைக்கும். அந்த பைகார்பனேட் தண்ணியைத் தனியா எடுத்து ஹைட்ரோகுளோரிக் அமிலம் சொட்டு சொட்டா விட்டா வெள்ளையா படிவு விழும், அது பென்சாயிக் அமிலம். அவன் பேட்ச்ல விழுந்துச்சு. ஒரு மணி நேரம் கொதிச்ச பிறகும் சில மூலக்கூறுங்க அமிலமாவே இருந்துருக்கு.

இனி பக்கத்து பையன் விஷயம். "விடை சரியா இருக்கே"ங்கற வாதத்துக்கு நேரான பதில் 1938ல நடந்த ஒரு சோதனைல இருக்கு. ராபர்ட்ஸ்னு ஒருத்தரும் யூரியும் சேர்ந்து செஞ்சது, யூரின்னா டியூட்டீரியம் கண்டுபிடிச்சு 1934ல நோபல் வாங்கின அதே ஹெரால்ட் யூரி. எடுத்துக்கிட்ட வினை என் கேள்வில இருந்ததேதான், பென்சாயிக் அமிலமும் மெத்தனாலும். ஒரே வித்தியாசம், மெத்தனால்ல ஆக்சிஜன்-18ங்கற எடை கூடின ஆக்சிஜன் ஐசோடோப் சாதாரணத்தைவிட அதிகமா இருந்துச்சு. எஸ்டர்ல ஒரு ஆக்சிஜன் ஆல்கஹால்ல இருந்து வரலாம், இல்லைன்னா ஆல்கஹாலோட OH தண்ணியா போயிட்டு ரெண்டு ஆக்சிஜனும் அமிலத்துல இருந்தே வரலாம். ரெண்டு வழிலயும் கடைசில கிடைக்குறது ஒரே மெத்தில் பென்சோயேட், ஒரே தண்ணி. பேர் ஒண்ணு, ஸ்ட்ரக்சர் ஒண்ணு, வாசனையும் ஒண்ணு. ப்ராடக்ட்டை எவ்வளவு நேரம் உத்துப் பார்த்தாலும் எந்த வழின்னு தெரியாது. அவங்க வெளிய வந்த தண்ணியைப் பிடிச்சு சோதிச்சாங்க, அதுல ஆக்சிஜன்-18 கூடல. அப்போ மெத்தனாலோட ஆக்சிஜன் எஸ்டர்லதான் தங்கியிருக்கு, தண்ணி போனது அமிலத்தோட OHல இருந்து.

பையனோட நீள அம்புல இந்தத் தகவல் இல்லை. `–H2O`ன்னு மட்டும் எழுதினா எந்த ஆக்சிஜன் போன தண்ணின்னு யாருக்குத் தெரியும்? பக்கத்து பையன் பேரைத் தப்பா எழுதினான், அது தப்பு, 2 மார்க் போச்சு. ஆனா அவன் தாளைப் பார்த்தா ஒவ்வொரு ஆக்சிஜனும் எங்க இருந்து வந்து எங்க போகுதுன்னு விரல் வச்சு சொல்லலாம்.

"அந்த நடுவுல இருக்குறது நிஜமாவே இருக்கா மேம், இல்ல நாமளா எழுதிக்கிறதா?"ன்னு கேட்டான். இருக்கு. 1951ல மைரன் பெண்டர்னு ஒரு ஆய்வாளர் இதே வழியைத் தலைகீழா, எஸ்டரைத் தண்ணியால உடைக்கிற பக்கத்துல இருந்து பார்த்தார். எத்தில் பென்சோயேட்டோட கார்பனைல் ஆக்சிஜன்ல 18ஐ வச்சுட்டு, வினை முடியுறதுக்கு முன்னாடியே நடுவுல நிறுத்தி, இன்னும் உடையாம மிச்சம் இருந்த எஸ்டரை எடுத்து சோதிச்சார். உடையாத எஸ்டர்லயே ஆக்சிஜன்-18 குறைஞ்சிருந்துச்சு. எஸ்டர் உடையாம ஆக்சிஜன் மட்டும் எப்படி மாறும்? தண்ணி வந்து ஒட்டி டெட்ராஹெட்ரல் ஆகி, அங்க ப்ரோட்டான் ஒரு OHல இருந்து இன்னொண்ணுக்கு மாறி, பழைய ஆக்சிஜன் தண்ணியா வெளிய போய் புது ஆக்சிஜன் தங்கியிருந்தாத்தான் மாறும். அவன் வெட்டிவிட்ட ப்ரோட்டான் மாத்தலோட தடயம் அந்த ஆக்சிஜன் குறைச்சல்ல இருக்கு. இதை சொல்லும்போது பையன் தாளை என் பக்கத்துல இருந்து தன் பக்கம் இழுத்துக்கிட்டு தானே வரைய ஆரம்பிச்சுட்டான்.

இப்போ அந்த ரெண்டாவது போட்டோ. நோட்டுல, அவன் கையெழுத்துல, என் போர்டுல இருந்து எடுத்தது: மூணு ஸ்ட்ரக்சர், ஒரு நீள அம்பு, மேல `–H2O, –H⁺`. முதல் கிளாஸ்ல ஆறு படியும் முழுசா போட்டிருந்தேன், அதுக்கு முந்தின பக்கத்துல அதுவும் இருக்கு. ரெண்டு நாள் கழிச்சு ரிவிஷன்ல, பெல் அடிக்கப்போற நேரத்துல, நானே சுருக்கிப் போட்டேன். பையன் பரீட்சைக்கு முந்தின நாள் எதைப் புரட்டுவான், கடைசிப் பக்கத்தைத்தானே. பேப்பர் கட்டை மறுபடி எடுத்து அந்த ஒரு கேள்வியை மட்டும் பார்த்தேன், அதே நீள அம்பு இன்னும் பல பேர்கிட்ட இருந்துச்சு, எல்லாரும் அன்னைக்கு ரிவிஷனுக்கு வந்தவங்க. இது பசங்க கவனக்குறைவுன்னு அதுவரைக்கும் நினைச்சுக்கிட்டு இருந்தேன், மனசு கஷ்டமாயிடுச்சு.

அதுக்காக விட்ட படிக்கு மார்க் போட்டேனான்னா, போடல. ரொம்ப நேரம் யோசிச்சேன். தாள்ல இல்லாத ப்ரோட்டான் மாத்தலுக்கு 2 மார்க் போட்டா, கஷ்டப்பட்டு ஆறு படியும் எழுதின பசங்களுக்கு என்ன பதில் சொல்றது. முதல் கிளாஸ் நோட்டுலயும் அது முழுசா இருக்கு. ஆனா வேற ஒரு இடத்துல என் திருத்தமே தப்பா இருந்துச்சு. முதல் படிக்கு நான் அவனுக்கு பூஜ்யம் போட்டிருந்தேன், பக்கத்துல சிவப்புல "ரெசொனன்ஸ்?"னு கேள்விக்குறி. ரெசொனன்ஸ் வரையச் சொல்லி கேள்வில எங்கயும் இல்லை, என் கீலயும் இல்லை, கை வேகத்துல எதிர்பார்த்துட்டேன். அங்க அவன் செஞ்ச உண்மையான தப்பு ஒண்ணுதான், வளைஞ்ச அம்பை H⁺ல இருந்து ஆக்சிஜனுக்குப் போட்டிருக்கான். H⁺கிட்ட கொடுக்க எலக்ட்ரானே கிடையாது, அம்பு ஆக்சிஜனோட லோன் பேர்ல கிளம்பி H⁺க்குப் போகணும். ஸ்ட்ரக்சர் சரி, அம்பு தப்பு, அதுக்கு அரை மார்க் நியாயம். 4 இப்போ நாலரை ஆச்சு, ரெசொனன்ஸுக்காக வெட்டின மத்த பேப்பர்லயும் அதே அரையைத் திருப்பிக் கொடுத்தேன்.

கேள்வியையும் மாத்திட்டேன். "மெக்கானிசம் எழுதுக"ங்கறதுக்கு பதிலா "ஒவ்வொரு இன்டர்மீடியட்டையும் அதோட சார்ஜோட வரைக, எலக்ட்ரான் நகர்வை வளைஞ்ச அம்பால காட்டுக"ன்னு இனிமே இருக்கும். ப்ரோட்டான் மாத்தல்ல ரெண்டு படியையும் தனித்தனியா அம்பு போட்டுக் காட்டாம, அம்புக்கு மேல "ப்ரோட்டான் மாற்றம்"னு எழுதிட்டு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் ப்ளஸ் எங்க இருக்குன்னு சரியா வரைஞ்சாலும் முழு மார்க் உண்டு, புத்தகங்கள்லயும் அப்படி சுருக்குறது உண்டு. ப்ளஸ் இடம் மாறினது கண்ணுக்குத் தெரிஞ்சா எனக்குப் போதும்.

அவனுக்கு அனுப்பின பதில் மெயில்ல மூணே விஷயம் எழுதினேன்: எந்த மார்க் எந்தப் படிக்குப் போச்சு, எந்த அரை மார்க் என் தப்பு, போர்டுல நான் சுருக்கினது உண்மைதான். ரெண்டு நாள்ல இன்னொரு மெயில். "மேம், மெத்தனாலுக்கு பதிலா டெர்ட்-பியூட்டைல் ஆல்கஹால் போட்டு அதுல ஆக்சிஜன்-18 வச்சா, அது தண்ணிலதான் இருக்கும்னு நினைக்கிறேன், சரியா?" கீழ ஒரு போட்டோ. ஆல்கஹாலோட OHலயே ப்ரோட்டான் ஏறுது, தண்ணி கழண்டு டெர்ட்-பியூட்டைல் கார்போகேட்டயான், பென்சாயிக் அமிலத்தோட கார்பனைல் ஆக்சிஜன் அதைப் போய் பிடிக்குது, கடைசில H⁺ இறங்குது. ஈக்வேஷனா எழுதினா மெத்தனால் வினை மாதிரியே அமிலம், ஆல்கஹால், எஸ்டர், தண்ணி, ஆனா உடைஞ்ச பிணைப்பு வேற, ஆக்சிஜன்-18 போன இடமும் வேற. எல்லா ப்ளஸும் அதது இருக்க வேண்டிய இடத்துல இருந்துச்சு, முதல் அம்பு லோன் பேர்ல இருந்து கிளம்பியிருந்துச்சு.

சரின்னு எழுதிட்டு ஒரு வரி சேர்த்தேன்: அந்தக் கார்போகேட்டயான் அமிலத்துக்காகக் காத்திருக்காம ஒரு ப்ரோட்டானை விட்டுட்டு ஐசோபியூட்டிலீன் கேஸாவும் போயிடும், அதனால லேப்ல இந்த எஸ்டர் வேணும்னா பெரும்பாலும் ஐசோபியூட்டிலீன்லயே ஆரம்பிப்பாங்க, அங்க ஆக்சிஜன் எங்க இருந்து வரும்னு வரைஞ்சு நாளைக்கு எடுத்துட்டு வா.